கிப்ட் கார்டும் பாயிண்டும்: சிறு ஆன்லைன் கடையில் எது பிசகினால் எங்கே பார்ப்பது

கிப்ட் கார்டு வேலை செய்யவில்லை, பாயிண்ட் கணக்கு இடிக்கிறது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். கார்டையும் பாயிண்டையும் கடை மென்பொருளில் ஒரே மாதிரி அமைத்துவிடுகிறார்கள். கிப்ட் கார்டு என்பது வாடிக்கையாளர் முன்கூட்டியே கட்டிய பணம். பாயிண்ட் என்பது நாம் பிறகு தருவதாகச் சொன்ன தள்ளுபடி. பில்லில் முதலாவது பணம் செலுத்திய விதமாக வரவேண்டும், இரண்டாவது விலைக் குறைப்பாக வரவேண்டும். இந்தக் கோடு அழியும்போது ஜிஎஸ்டி, காலாவதி, ரீஃபண்ட், டாலி என்று எல்லா இடத்திலும் கோளாறு தலைகாட்டும்.

எடுத்துக்காட்டுக்கு, சின்னாளப்பட்டிப் பருத்திப் புடவை விற்கிற ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸின் கடை மென்பொருளான வூகாமர்ஸில் ஓடுகிறது, கணக்கு டாலியில். தனிநபர் வணிகம், ஜிஎஸ்டி பதிவு உண்டு, விற்பனை தமிழ்நாட்டுக்குள். புடவை விலை வரியோடு சேர்த்து ₹2,100. அதாவது ₹2,000-மும் 5 சதவீத வரி ₹100-ம். கீழே வருகிற கணக்கெல்லாம் இந்தப் புடவைதான்.

அறிகுறி: கார்டு கொடுத்து வாங்கிய ஆர்டர்களில் ஜிஎஸ்டி குறைவாக வருகிறது

இது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. வாடிக்கையாளர் புகார் சொல்ல மாட்டார், கடையும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டு முடிவில் ஆடிட்டர் வங்கி வரவையும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்டிய விற்பனையையும் ஒப்பிடும்போதுதான் வெளியே வரும்.

காரணம், கார்டுக்கெனத் தனிப் பிளக்இன் போடாமல் வூகாமர்ஸின் கூப்பனையே கார்டாகக் கொடுத்திருப்பது. `Fixed cart discount` வகையில் ₹1,000-க்கு ஒரு கூப்பன், கோடு மின்னஞ்சலில் போகிறது, வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கூப்பன் விலையைக் குறைக்கும். ₹2,100 புடவை ₹1,100 ஆகிறது. அதை 1.05-ஆல் வகுத்து, வரிக்கு உட்பட்ட மதிப்பு ₹1,047.62, வரி ₹52.38 என்று பில் அடிக்கிறது. உண்மையில் புடவை ₹2,100-க்குத்தான் விற்றது. அதில் ₹1,000 கார்டு வழியாக முன்பே வந்துவிட்டது, ₹1,100 இப்போது யுபிஐயில் வந்தது. மதிப்பு ₹2,000, வரி ₹100 என்றுதான் பில் இருக்கவேண்டும். ஒரு புடவைக்கு ₹47.62 வரி குறைவாகக் கட்டியிருக்கிறோம், விற்பனையும் ₹952.38 குறைவாகக் காட்டியிருக்கிறோம். இரண்டையும் கூட்டினால் சரியாக ₹1,000. காணாமல் போனது கார்டின் தொகை முழுவதும்தான்.

சோதிப்பது எளிது. ஒரே புடவைக்கு இரண்டு ஆர்டர் போடுங்கள், ஒன்று கார்டோடு, ஒன்று கார்டில்லாமல். இரண்டிலும் வரித் தொகை அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். மாறினால் கார்டு தள்ளுபடியாக நடத்தப்படுகிறது. ஆர்டர் பக்கத்தில் கார்டின் கோடு `Coupon(s)` வரிசையில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சில பிளக்இன்கள் கூப்பனைத் தொடாமல், மொத்தத்தில் ஒரு கழித்தல் கட்டணத்தைச் சேர்த்துக் கார்டைக் கழிக்கும். அதிலும் வரி குறையலாம். ஆகவே பிளக்இன் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த இரட்டை ஆர்டர் சோதனையைச் செய்துவிட்டே கார்டு விற்பனையைத் திறப்பது நல்லது.

தீர்வு, வரி கணக்கிட்டு முடிந்த பிறகு, மொத்தத் தொகைக்கு எதிராகக் கார்டைக் கழிக்கும் பிளக்இன்னுக்கு மாறுவது. ஷாப்பிஃபையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அங்கே கார்டு பணம் செலுத்தும் முறையாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே தவறாகப் போன பில்களின் பட்டியலை எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்து வரியைத் திருத்திக் கட்டிவிடவேண்டும். பழைய பில்லைத் தளத்திலேயே அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

இதே தவறின் இன்னும் இரண்டு முகங்களை வாடிக்கையாளரே சொல்வார். "ஆயிரம் ரூபாய் கார்டில் அறுநூறுக்குத்தான் வாங்கினேன், மீதி நானூறு எங்கே?" என்பது ஒன்று. கூப்பனுக்கு மிச்சம் வைக்கத் தெரியாது, ஒருமுறைக்கு மட்டும் என்று வரம்பு வைத்திருந்தால் அதோடு சரி. "கார்டில் பணம் இருக்கும்போது கூரியர் கட்டணம் அறுபது ரூபாயைத் தனியாகக் கேட்கிறதே" என்பது மற்றொன்று. இந்த வகைக் கூப்பன் பொருளின் விலையில்தான் இறங்கும், அனுப்பும் கட்டணத்தைத் தொடாது. இந்த இரண்டு புகாரில் ஒன்று வந்தாலே வரியையும் போய்ப் பாருங்கள்.

அறிகுறி: கார்டு விற்கும்போதே வரி விழுகிறது, புடவை விற்கும்போது மறுபடியும் விழுகிறது

முந்தையதன் மறுபக்கம். கார்டை ஒரு சாதாரணப் பொருளாகச் சேர்த்து, `Tax status` என்ற இடத்தில் `Taxable` என்பதை மாற்றாமல் விட்டிருப்பார்கள். அதை `None` ஆக்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் முன்பு குழப்பம் இருந்தது உண்மை. கிப்ட் கார்டைச் சட்டம் வவுச்சர் என்கிறது. எந்தப் பொருளுக்கான வவுச்சர் என்று தெரிந்தால் விற்கும் நாளிலும், தெரியாவிட்டால் பயன்படுத்தும் நாளிலும் வரிப் பொறுப்பு எழும் என்று சிஜிஎஸ்டி சட்டத்தின் 12(4) உட்பிரிவு சொன்னது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த 55-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பின், டிசம்பர் 31 அன்று 243/37/2024 எண்ணுள்ள சுற்றறிக்கை வந்தது. வவுச்சர் பரிமாற்றம் பொருள் வழங்கலும் அல்ல, சேவை வழங்கலும் அல்ல என்று அது தெளிவுபடுத்தியது. பயன்படுத்தாமலே காலாவதியான வவுச்சர் தொகைக்கும் ஜிஎஸ்டி இல்லை என்றது. 2025 நிதிச் சட்டம் அந்த 12(4) உட்பிரிவையே நீக்கிவிட்டது. நம் புடவைக் கடைக்கு இதன் பொருள்: கார்டு விற்கும்போது வரி இல்லை, வரி பில்லும் இல்லை, ஒரு ரசீது போதும். கார்டு கொடுத்துப் புடவை வாங்கும்போது முழு விலைக்கும் வரி. வேறொருவர் உங்கள் கார்டைக் கமிஷனுக்கு விற்றுத் தந்தால் அந்தக் கமிஷனுக்கு வரி உண்டு. அது அவர் போடவேண்டிய பில்.

ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டுமா என்றும் கேட்பார்கள். உங்கள் கடையில் மட்டும் செல்லுபடியாகி, பணமாக எடுக்க முடியாத கார்டுக்கு வேண்டாம். பக்கத்து நகைக்கடைக்காரரோடு சேர்ந்து "இரண்டு கடையிலும் செல்லும்" என்று ஒரே கார்டு போட நினைத்தால் கதை வேறு, அந்த யோசனையை அங்கேயே நிறுத்தி ஆலோசனை கேளுங்கள்.

அறிகுறி: பணம் வருவதற்கு முன்பே கார்டு கோடு போய்விட்டது, திரும்பி வந்த பார்சலுக்குப் பாயிண்ட் ஏறியிருக்கிறது

இது நம் ஊர்க் கடைகளுக்கே உரிய தொல்லை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் விழுந்தவுடனேயே வூகாமர்ஸ் அதை `Processing` நிலைக்குக் கொண்டுபோய்விடும். வங்கி அட்டையிலோ யுபிஐயிலோ பணம் வந்த ஆர்டரும் அதே நிலைக்குத்தான் வரும். பிளக்இன்னுக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. பாயிண்ட் வழங்குவதும் கார்டு கோடு அனுப்புவதும் `Processing` நிலையில் நடக்கும்படி வைத்திருந்தால், கூரியர்காரர் கதவைத் தட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் கையில் கோடு இருக்கும். அவர் பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் கோடு உயிரோடுதான் இருக்கும்.

பாயிண்டுக்குத் தீர்வு, அதை `Completed` நிலையில் வழங்கும்படி மாற்றுவது. கூரியர் பொருளைச் சேர்த்து, பணமும் வந்த பிறகே அந்த நிலைக்கு ஆர்டரைத் தள்ளுங்கள். முடிந்தால் உங்கள் ரிட்டர்ன் காலம் முடியும்வரை பாயிண்டை நிலுவையில் வைக்கும் பிளக்இன்னைத் தேர்ந்தெடுங்கள். ஏழு நாள் ரிட்டர்ன் தருகிற கடை முதல் நாளிலேயே பாயிண்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கப் போனால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

கார்டுக்குக் கேஷ் ஆன் டெலிவரியையே மறுத்துவிடவேண்டும். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கேஷ் ஆன் டெலிவரி அமைப்பில், அனுப்பத் தேவையில்லாத ஆர்டர்களுக்கு அதை அனுமதிக்கலாமா என்று கேட்கும் `Accept COD if the order is virtual` என்ற பெட்டி உண்டு. அதன் டிக்கை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கார்டை மட்டும் வாங்கும்போது அது சரியாகத் தடுக்கும். ஒரு புடவையையும் ஒரு கார்டையும் சேர்த்துக் கூடையில் போட்டால், புடவையை அனுப்பவேண்டியிருப்பதால் அந்த ஆர்டர் முழுக்க அனுப்பத் தேவையில்லாத ஆர்டர் ஆகாது, கேஷ் ஆன் டெலிவரி மறுபடியும் தலைகாட்டும். அதனால் கூடையில் கார்டு இருந்தாலே அந்த வழியை மறைக்கவேண்டும். கார்டு பொருள்களை `gift-cards` என்ற வகையில் போட்டிருந்தால் இந்தச் சிறு கோடு போதும்:

```php
add_filter( 'woocommerce_available_payment_gateways', function ( $g ) {
    if ( is_admin() || ! WC()->cart ) return $g;
    foreach ( WC()->cart->get_cart() as $item ) {
        if ( has_term( 'gift-cards', 'product_cat', $item['product_id'] ) ) {
            unset( $g['cod'] );
        }
    }
    return $g;
} );
```

வாசலை அடைக்கும்போதே மூன்று சன்னல்களையும் பார்த்துவிடுங்கள். பண்டிகைக் கூப்பன் போட்டுக் கார்டு வாங்க முடியக்கூடாது. கூப்பனின் `Usage restriction` பகுதியில் `Exclude categories` என்பதில் கார்டு வகையைச் சேர்க்கவேண்டும். இல்லையென்றால் ₹1,000 கார்டை ₹900-க்கு வாங்கி, அதைப் பயன்படுத்தும்போது இன்னொரு கூப்பனும் போடுவார்கள். பாயிண்டைக் கொடுத்துக் கார்டு வாங்க முடியக்கூடாது, நாம் தருவதாகச் சொன்ன தள்ளுபடி அங்கே பணமாக மாறிவிடுகிறது. கார்டு வாங்கியதற்குப் பாயிண்ட் தரக்கூடாது. கார்டைக் கொடுத்துப் புடவை வாங்கும்போது தாருங்கள், இரண்டிலும் தந்தால் ஒரே விற்பனைக்கு இரட்டைப் பாயிண்ட்.

அறிகுறி: "கடைசி நாளில் பயன்படுத்தப் பார்த்தேன், காலாவதி என்கிறது"

வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் சரிதான். வூகாமர்ஸ் கூப்பனில் `Coupon expiry date` என்று ஒரு தேதியைப் போட்டால், அந்தத் தேதி தொடங்கும் நள்ளிரவு 00:00:00-க்கே அது காலாவதியாகிவிடும். மார்ச் 31 என்று போட்டால் கடைசியாகச் செல்லும் நாள் மார்ச் 30. பிறந்தநாள் கூப்பன், பாயிண்டை மாற்றித் தரும் கூப்பன் எல்லாமே இந்த வழியில் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு நாள் பறிபோகிறது. மார்ச் 31 முழுவதும் செல்லவேண்டுமென்றால் ஏப்ரல் 1 என்று போடுங்கள். மின்னஞ்சலில் மட்டும் மார்ச் 31 வரை என்று எழுதுங்கள்.

இதன்மேல் நேர மண்டலக் கோளாறு ஒன்று ஏறி உட்காரும். தளத்தை நிறுவியவர் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருந்தால் அது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அந்தக் கணக்கில் நள்ளிரவு என்றால் இங்கே காலை 5:30. "நள்ளிரவில் காலாவதி ஆகவேண்டியது விடிந்த பிறகும் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் இதைப் பாருங்கள்:

```
wp option get timezone_string
wp option update timezone_string 'Asia/Kolkata'
```

முதல் கட்டளைக்கு விடையாக எதுவும் வராவிட்டால் ஊர் அமைக்கப்படவில்லை என்று பொருள். மாற்றினாலும் பழைய கூப்பன்கள் திருந்தாது. அவற்றின் காலாவதி நேரம் ஏற்கெனவே கணக்கிட்டுச் சேமிக்கப்பட்டிருக்கிறது, அது 5:30-லேயே நிற்கும். அவற்றைத் திறந்து தேதியை மறுபடி சேமிக்கவேண்டும். கார்டுப் பிளக்இன்கள் தங்களுக்கென்று வேறு கணக்கு வைத்திருக்கலாம். ஒரு சோதனைக் கார்டுக்கு இன்றைய தேதியைக் காலாவதியாகப் போட்டு இன்றே பயன்படுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எத்தனை மாதம் வைப்பது என்பது என்னைக் கேட்டால்: கார்டுக்கு ஓராண்டுக்குக் குறைவாக வைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட முன்பண அட்டைகளுக்கு ஓராண்டைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. உங்கள் கடைக்குள் மட்டும் செல்லும் கார்டை அந்த விதி கட்டாது என்றாலும், அடுத்தவர் பணத்தை அதைவிடக் குறைந்த காலத்தில் விழுங்குவது கடைக்கு நல்ல பெயர் தராது. பாயிண்டுக்கு ஆறு மாதம் வைத்தாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள், முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போனால்.

அறிகுறி: பாயிண்ட் காலாவதி ஆகவே இல்லை, அல்லது அளவுக்கு மேல் கழிந்துவிட்டது

காலாவதி ஆகாமல் கிடந்தால் முதலில் பார்க்கவேண்டியது, அந்தத் தினசரி வேலை ஓடுகிறதா என்பது. வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் யாராவது தளத்துக்கு வந்தால்தான் நகரும். ஆள் வராத சின்னக் கடையில் அது மணிக்கணக்கில் தூங்கும். சிலர் வேகத்துக்காக `DISABLE_WP_CRON` போட்டுவிட்டு, அதற்கு ஈடாகச் சர்வரில் வைக்கவேண்டிய வேலையை மறந்துவிடுவார்கள், பிறகு அது நகரவே நகராது. `WooCommerce → Status → Scheduled Actions` பக்கத்தில் `Past-due` என்று வரிசை நீண்டிருந்தால் இதுதான் காரணம். சர்வரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை ஓடவிடுங்கள், பாதையை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
*/10 * * * * cd /home/kadai/public_html && wp cron event run --due-now
```

ஓர் எச்சரிக்கை. மாதக்கணக்கில் நின்ற வேலை ஓடத் தொடங்கினால், பழைய பாயிண்ட் எல்லாம் ஒரே இரவில் கழியும், காலையில் தொலைபேசி ஓயாது. ஓடவிடுவதற்கு முன் எல்லோருக்கும் பதினைந்து நாள் அவகாசம் தந்து தகவல் அனுப்பிவிடுங்கள்.

அளவுக்கு மேல் கழிவது இன்னும் நுட்பமானது. ஒரு வாடிக்கையாளருக்கு ஏப்ரல் 10 அன்று 120 பாயிண்ட், ஆகஸ்ட் 5 அன்று 80 பாயிண்ட். நவம்பரில் 100 பாயிண்டைப் பயன்படுத்துகிறார், கையிருப்பு 100. காலாவதி பன்னிரண்டு மாதம். அடுத்த ஏப்ரல் 10 அன்று எவ்வளவு கழியவேண்டும்?

பழையதை முதலில் செலவழித்ததாகக் கணக்கிட்டால், நவம்பரில் போன 100-ம் ஏப்ரல் பாயிண்டிலிருந்து போயிற்று. மீதி 20 கழியும், கையில் 80 நிற்கும். இதுதான் நியாயம். புதியதை முதலில் செலவழித்ததாகக் கணக்கிடும் பிளக்இன்னில் ஆகஸ்ட் 80-ம் ஏப்ரலில் 20-ம் போயிருக்கும், மீதி 100-ம் ஏப்ரலுடையது, எல்லாமே கழிந்து கையில் பூஜ்யம். பாயிண்ட் எந்த வரவிலிருந்து செலவாயிற்று என்று பதிவே வைக்காத பிளக்இன் இன்னும் மோசம். ஏப்ரலில் 120 தந்தோம், ஆகவே 120 கழி என்று கழித்து, கையிருப்பை மைனஸ் 20 ஆக்கும். அடுத்த முறை புடவை வாங்கிப் பாயிண்ட் சேர்ந்தாலும் இருபது குறைவாகத் தெரியும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

உங்களுடையது எந்த ரகம் என்று அறிய, ஒரு சோதனை வாடிக்கையாளர் கணக்கில் இதே எண்களைப் போட்டு, காலாவதியை மட்டும் சில நாள்களாகச் சுருக்கி ஓட்டிப் பாருங்கள். 80 வந்தால் நல்லது. வராவிட்டால், ஒவ்வொரு வரவுக்கும் தனிக் காலாவதி என்ற முறையைக் கைவிட்டு, "கடைசியாக வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் எதுவுமே வாங்காவிட்டால் எல்லாம் கழியும்" என்ற விதிக்கு மாறுங்கள். வாடிக்கையாளருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், பிளக்இன்னும் அதில் தவறு செய்ய இடம் குறைவு. சிறு கடைக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

அறிகுறி: ரிட்டர்னுக்குப் பிறகு கணக்கு ஒத்துவரவில்லை

₹1,000 கார்டிலும் ₹1,100 யுபிஐயிலும் செலுத்திய புடவை திரும்பி வருகிறது. உதவியாளர் ₹2,100-ஐயும் யுபிஐயில் அனுப்பிவிடுகிறார். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி, ஆனால் பணமாக எடுக்க முடியாத கார்டு பணமாகிவிட்டது. பரிசாகக் கார்டு கொடுத்தவர் ஒருவர், ரொக்கமாக்கிக்கொண்டவர் வேறொருவர். வந்த வழியே திரும்பிப் போகவேண்டும்: ₹1,000 கார்டுக்கு, ₹1,100 யுபிஐக்கு. கார்டின் காலாவதி இதற்குள் முடிந்திருந்தால் குறைந்தது ஒரு மாதம் நீட்டித்துக் கொடுங்கள்.

கிரெடிட் நோட் ₹2,100-க்கும் போடவேண்டும், ₹2,000 மதிப்பு, ₹100 வரி. யுபிஐயில் போன ₹1,100-க்கு மட்டும் போட்டு, வரியை அரைகுறையாகத் திருப்புவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

பாயிண்ட் போட்டு வாங்கியது திரும்பினால் கணக்கு வேறு. 200 பாயிண்ட், ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் என்றால், பில்லில் தள்ளுபடி ₹200. விற்பனை ₹1,900, மதிப்பு ₹1,809.52, வரி ₹90.48. பில்லிலேயே காட்டிய தள்ளுபடி என்பதால் வரிக்கு உட்பட்ட மதிப்பு குறைவது இங்கே சரி, சிஜிஎஸ்டி சட்டம் 15(3) அதற்கு இடம் தருகிறது. ரிட்டர்னில் ₹1,900 பணமும் 200 பாயிண்டும் திரும்பும். அந்த விற்பனையில் அவர் சேர்த்த பாயிண்டையும் கழிக்கவேண்டும். அவர் அதை ஏற்கெனவே செலவழித்திருந்தால் கையிருப்பு மைனஸில் போகட்டும், ரீஃபண்டில் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: கடை சொல்லும் கார்டு நிலுவையும் டாலி சொல்வதும் வேறாக இருக்கின்றன

டாலியில் கார்டுக்கென ஒரு லெட்ஜர் வேண்டும், `Current Liabilities` குழுவில். கார்டு விற்றால் வங்கிப் பற்று, கார்டு பொறுப்பு வரவு. விற்பனைக் கணக்கைத் தொடவே கூடாது. புடவை விற்கும்போது முழு விற்பனைப் பதிவு, பணம் வந்த விதத்தில் ₹1,100 வங்கியும் ₹1,000 கார்டு பொறுப்பும். மாதக் கடைசியில் இந்த லெட்ஜர் மீதியும் கடை மென்பொருளில் உயிரோடு இருக்கும் கார்டுகளின் மொத்த மீதியும் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். ஆரம்ப மீதி ₹8,000. விற்ற கார்டு ₹12,000. ரிட்டர்னில் கார்டுக்கே திரும்பியது ₹600. பயன்படுத்தியது ₹7,400. காலாவதி ₹1,000. டாலி மீதி ₹12,200. கடை அறிக்கையோ ₹14,200 காட்டுகிறது. ₹2,000 எங்கிருந்து முளைத்தது?

இப்படிப்பட்ட வேற்றுமைக்கு, கார்டுகளை வரிசையாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதற்குப் பணம் வந்ததா? இங்கே இரண்டு கார்டுகள், ஒவ்வொன்றும் ₹500, பார்சல் தாமதமானதற்கு ஈடாக இலவசமாகக் கொடுத்தவை. இன்னொன்று ₹1,000, புடவையோடு சேர்த்துக் கேஷ் ஆன் டெலிவரியில் போனது, பார்சல் இன்னும் வழியில் இருக்கிறது. கூட்டினால் ₹2,000. கேஷ் ஆன் டெலிவரி கார்டைப் பணம் வரும்வரை முடக்கவேண்டும். இலவசக் கார்டு உண்மையில் கார்டே அல்ல, தள்ளுபடிதான், அதைக் கூப்பனாகவே கொடுத்திருக்கவேண்டும். கூப்பனுக்கு உரிய இடம் அதுதான்.

காலாவதியான ₹1,000-க்கு ஒரு ஜர்னல்: கார்டு பொறுப்பு பற்று, "காலாவதியான கார்டு வருமானம்" வரவு. அது மறைமுக வருமானக் குழுவில் போகட்டும். ஜிஎஸ்டி இல்லை, ஆனால் வருமானம் வருமானம்தான். காலாவதியாகி ஒரு மாதம் கழித்து யாராவது வந்து கெஞ்சினால், ஏற்றுக்கொள்வதாக இருந்தால், புதிய இலவசக் கார்டு கொடுக்காதீர்கள். பழைய கார்டை உயிர்ப்பித்து அந்த ஜர்னலைத் திருப்பிப் போடுங்கள், அப்போதுதான் மாதக் கடைசி ஒப்பீடு நிற்கும்.

அறிகுறி: பாயிண்ட் கொடுக்கும் மாதம் லாபம் தெரிகிறது, பயன்படுத்தும் மாதம் சரிகிறது

தீபாவளிக்கு முந்தைய மாதம் இரட்டைப் பாயிண்ட் அறிவித்தால் விற்பனை ஏறும், லாபம் பளபளக்கும். பொங்கலுக்கு எல்லோரும் பாயிண்டோடு வந்து நிற்பார்கள், அந்த மாதக் கணக்கு வாடும். பாயிண்ட் கொடுத்த அன்றே அதன் செலவைப் பதியாததுதான் காரணம்.

இன்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலை பொருந்தும் பெரிய நிறுவனங்கள் விற்பனைத் தொகையிலேயே ஒரு பகுதியைப் பிரித்து, பாயிண்ட் பயன்படும் வரை பொறுப்பாக வைக்கவேண்டும். தனிநபர் கடைக்கு அந்தத் தரநிலை பொருந்தாது, ஓர் ஒதுக்கீடு போதும். மாதக் கடைசியில் எல்லோர் கையிலும் உள்ள பாயிண்டைக் கூட்டுங்கள், 18,600 என்று வைப்போம். பழைய அனுபவத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்துதான் பயன்படுகிறது என்றால் 13,950. ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய், ஆக ₹13,950. டாலியில் சென்ற மாத ஒதுக்கீடு ₹11,000 இருந்தால் வித்தியாசம் ₹2,950-க்கு மட்டும் ஜர்னல்: விற்பனை ஊக்கச் செலவு பற்று, பாயிண்ட் ஒதுக்கீடு வரவு. தேவை குறைந்திருந்தால் தலைகீழாக. பாயிண்ட் பயன்படும்போது தனிப் பதிவு தேவையில்லை. பில்லில் தள்ளுபடியாகவே போய்விடுகிறது, மாதக் கடைசி ஒப்பீடு ஒதுக்கீட்டைத் தானாகக் குறைக்கும்.

உன்னிப்பானவர்கள் ₹13,950-ஐ 1.05-ஆல் வகுத்து ₹13,285.71 என்று வைப்பார்கள். பாயிண்ட் தள்ளுபடியில் வரியும் சேர்ந்து குறைவதால் 200 பாயிண்டால் நமக்கு இழப்பு ₹190.48-தான். அது சரியான கணக்கே, ஆனால் இந்த அளவுக் கடைக்குக் கட்டாயமில்லை. கவனிக்கவேண்டியது அந்த எழுபத்தைந்து சதவீதத்தை. திட்டம் தொடங்கிய முதல் ஆண்டில் அனுபவம் என்று ஒன்று கிடையாது, இணையத்தில் படித்த சதவீதத்தைப் போடாமல் நூறு சதவீதமும் ஒதுக்கிவையுங்கள். ஒரு காலாவதிச் சுற்று முழுதாக முடிந்த பிறகு, கொடுத்ததில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு செலவானது என்று உங்கள் கடையின் சொந்த எண் கையில் இருக்கும். மார்ச் 31 கணக்கை முடிப்பதற்கு முன் அந்த எண்ணோடு பாயிண்ட் அறிக்கையின் ஒரு பிரதியைத் தரவிறக்கி வைத்துவிடுங்கள். பல பிளக்இன்கள் இன்றைய கையிருப்பை மட்டுமே காட்டும், ஜூலையில் ஆடிட்டர் மார்ச் 31 நிலவரத்தைக் கேட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியிருக்காது.